பொருள் திரும்பியது, வட்டி திரும்பவில்லை



புரட்டாசி பிறந்துவிட்டால் போதும், கச்சிபௌலியில் நம் விடுதி வாயில்களில் அட்டைப் பெட்டிகள் குவியத் தொடங்கிவிடும். தசரா தள்ளுபடி என்பார்கள். தீபாவளித் தள்ளுபடி என்பார்கள். இங்கிருந்து சிறிது தொலைவில், நிதி மாவட்டம் என வழங்கும் பகுதியில், 2019-இல் திறக்கப்பட்ட அமேசான் நிறுவனத்தின் மாபெரும் அலுவலகம் வானளாவ நிற்கிறது. அதன் நிழல் நம் விடுதிவரை விழுவதில்லை. அதுபோன்ற கடைகளின் விளம்பரங்களோ நம் தலையணைவரை வந்துவிடுகின்றன. "வட்டியில்லாத் தவணை! வங்கிச் சலுகை 1,500 ரூபாய்! பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம்!" என்று மூன்று இனிப்புகளை ஒரே இலையில் வைக்கிறார்கள். ஒவ்வொன்றும் தனியே உண்மைதான். ஆனால் மூன்றும் ஒன்றாய்ச் சேரும்போது, அதாவது வட்டியில்லாத் தவணையில் வங்கிச் சலுகையோடு வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பும்போது, நடப்பது என்ன என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதைப் பற்றியே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வட்டியில்லாக் கடன் என்று ஒன்று உலகில் உண்டா? கடன் கொடுப்பது வங்கி. வங்கி என்ன, அன்னசத்திரமா? 2013 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கியே இதைச் சுற்றறிக்கையாக எழுதி வங்கிகளுக்கு அனுப்பியது. பூச்சிய வட்டி என்னும் கருத்தே இல்லாத ஒன்று என்றும், கடன் அட்டைத் தவணைகளில் அவ்வட்டி பெரும்பாலும் பிராசஸிங் கட்டணம் என்ற வேடத்தில் வாடிக்கையாளர் தலையில் கட்டப்படுகிறது என்றும் அது சொல்லிற்று. அதன்பின் "பூச்சிய வட்டி" என்ற சொல் விளம்பரங்களில் அருகிற்று; "நோ காஸ்ட் ஈ.எம்.ஐ." என்ற சொல் அவ்விடத்தில் அமர்ந்தது. பெயர் மாறிற்று, கணக்கின் உள்ளுறை அவ்வளவாக மாறவில்லை.

அந்தக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். நம் வளாகத்து மாணவி ஒருத்தி 30,000 ரூபாய் விலையுள்ள மடிக்கணினி ஒன்றை ஆறு மாதத் தவணையில் வாங்குவதாகக் கொள்வோம். மாதம் 5,000 ரூபாய்; ஆறு மாதத்தில் 30,000. விலையும் முப்பதாயிரம், கட்டுவதும் முப்பதாயிரம் என்றால் வட்டி எங்கே என்று கேட்கத் தோன்றும். உண்மையில் வங்கி அவளுக்குக் கொடுத்த கடன் 30,000 அன்று, 28,730 ரூபாயே. ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால், 28,730 ரூபாய் ஆறு மாதத்தில் 1,270 ரூபாய் வட்டியை ஈன்று, மொத்தம் 30,000 ஆகிறது. அந்த 1,270 ரூபாயை விற்பவர் முன்கூட்டியே விலையில் தள்ளுபடியாகக் கழித்துவிடுகிறார். அட்டையில் ஏறுவது 28,730 மட்டுமே. ஆக, வட்டி இல்லாமலில்லை. வட்டி இருக்கிறது, அதற்கு ஈடாக விற்பவர் ஒரு தள்ளுபடி தந்திருக்கிறார். அவ்வளவே.

இதற்கு மேலும் இரண்டு சில்லறைகள் உண்டு. கடன் அட்டை வட்டியின்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரி இருக்கிறது, ஆறு மாத வட்டிக்கு அது 229 ரூபாய். அதை விற்பவர் ஏற்பதில்லை. பிராசஸிங் கட்டணம் வங்கிக்கு வங்கி வேறுபடும். 199 ரூபாய் என்று கொண்டால் வரியோடு 235 ரூபாய். "செலவில்லாத" தவணைக்குப் பொருளைத் திருப்பாமலே 464 ரூபாய் செலவு! இதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆறு மாதத்துக்குக் கடன் கிடைத்ததே என்று தேறிக்கொள்ளலாம். திருப்பும்போதுதான் கதை வேறாகிறது.

கடன் அட்டை பெரும்பாலும் நம்முடையது அல்ல என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளுங்கள். மதுரையிலோ சேலத்திலோ இருக்கும் தந்தையாருடையது. பொருள் வருவது கச்சிபௌலிக்கு. குறுஞ்செய்தி போவது மதுரைக்கு. இந்த இடைவெளியில்தான் பணம் கரைகிறது.

நம் மாணவி அக்டோபர் 3-ஆம் நாள் கணினியை வாங்குகிறாள். திரையில் ஒரு கோடு விழுகிறது. 9-ஆம் நாள் திருப்ப விண்ணப்பிக்கிறாள். 14-ஆம் நாள் ஆள் வந்து எடுத்துப் போகிறார். அட்டையின் மாதப் பட்டியல் உருவாகும் நாள் 18. அன்று முதல் தவணை ஏறிவிடுகிறது. 22-ஆம் நாள் பணம் திரும்புகிறது. எவ்வளவு? 30,000 அன்று, அட்டையில் ஏறிய அதே 28,730. விற்பவர் தந்த 1,270 ரூபாய்த் தள்ளுபடி பொருளோடு சேர்ந்து அவர் வீட்டுக்கே போய்விட்டது. இதில் அவரைக் குறை சொல்ல இயலாது. பெறாத பணத்தை அவர் எப்படித் திருப்புவார்? ஆனால் அந்தத் தள்ளுபடி எதற்கு ஈடாக வந்ததோ, அந்த வட்டி இன்னும் வங்கிக் கணக்கில் உயிரோடு இருக்கிறது. நான் சொல்ல வந்த செய்தியின் கரு இதுதான். பொருள் திரும்பிய நொடியிலேயே "நோ காஸ்ட்" என்ற நிலை முடிந்துவிடுகிறது. அதன்பின் ஓடும் ஒவ்வொரு நாள் வட்டியும் வாங்கியவருடைய சொந்த வட்டி.

மதுரையில் தந்தையார் செய்தியைப் பார்க்கிறார். "பணம் வந்துவிட்டதம்மா, கவலைப்படாதே" என்கிறார். மகளும் கவலைப்படாமல் தேர்வுக்குப் படிக்கிறாள். அங்கேதான் பிழை. பணம் திரும்புவது ஒன்று. தவணை ரத்தாவது மற்றொன்று. விற்பவரிடமிருந்து வந்த தொகை அட்டைக் கணக்கில் வரவாக நிற்கிறது. தவணைக் கடன் வேறொரு பேரேட்டில் நிற்கிறது. சில வங்கிகளில் முழுத்தொகையும் திரும்பினால் இரண்டும் தாமே சந்தித்துக் கழிந்துவிடுகின்றன. பலவற்றில் யாரேனும் சொன்னாலொழியச் சந்திப்பதில்லை. வணிகத் தளங்களின் விதிமுறைகளைப் பொறுமையோடு இறுதிவரை படித்தால், தவணையை ரத்துசெய்ய வங்கியைத் தொடர்புகொள்ளுங்கள் என்றும், வங்கி ஏற்கெனவே பிடித்த வட்டி திரும்பாது என்றும் எழுதியிருப்பதைக் காணலாம். யார் படிக்கிறார்கள்?

சொல்லாவிட்டால் என்ன ஆகும்? அக்டோபர் பட்டியலில் தவணை 5,000, முதல் மாத வட்டிக்கான வரி 65, பிராசஸிங் கட்டணம் வரியோடு 235 ஆக 5,300 ரூபாய் இருக்கிறது. வந்து நிற்கும் 28,730 ரூபாய் அதைத் தின்கிறது. நவம்பரில் மறுபடி 5,000-உம் சில்லறையும். டிசம்பரில் மறுபடி. அட்டையில் வரவு நிற்பதால் தந்தையார் கைக்காசு எதுவும் கட்ட வேண்டியிருப்பதில்லை. எனவே ஐயமும் எழுவதில்லை. மார்ச்சு மாதப் பட்டியலில்தான் குட்டு வெளிப்படுகிறது. வரவு தீர்ந்துபோய் 1,733 ரூபாய் பாக்கி என்று வருகிறது. அக்டோபரிலேயே திரும்பிப்போன கணினிக்கு மார்ச்சில் பாக்கி! ஆறு மாத முழு வட்டி 1,270, அதன் வரி 229, கட்டணம் 235 - எல்லாம் சேர்ந்தால் ஏறத்தாழ அந்தத் தொகைதான். இடையில் வரவு நிற்கிறதே என்று வீட்டுக்கு மளிகை வாங்கி அட்டையில் போட்டிருந்தால் பாக்கி இன்னும் பெரிதாகியிருக்கும்.

சொல்லியிருந்தால்? அக்டோபர் 18-க்கு முன்னரே பணம் திரும்பி, தவணையும் ரத்தாகியிருந்தால், இழப்பு பெரும்பாலும் பிராசஸிங் கட்டணமான 235 ரூபாயோடு நின்றிருக்கும். 22-ஆம் நாள் வங்கிக்குச் சொல்லியிருந்தால், முதல் மாத வட்டி 359, அதன் வரி 65, கட்டணம் 235 ஆக 659 ரூபாயோடு முடிந்திருக்கும். கட்டிய அசலில் ஒரு காசும் போகாது.

ஆனால் எப்படிச் சொல்வது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தொலைபேசியில் அவசரப்பட்டு "கடனை முன்கூட்டியே அடைக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டால், அது வேறு விண்ணப்பமாகிவிடும். முன்கூட்டி அடைப்பதற்கு மீதமுள்ள அசலில் 3 விழுக்காடு என்பதுபோல் ஒரு கட்டணம் வைத்திருக்கும் வங்கிகள் உண்டு. முதல் தவணைக்குப்பின் மீதி அசல் 24,089 ரூபாய்; அதற்கு 723, வரி 130 ஆக 853 ரூபாய் கூடுதல். 659 ரூபாயில் முடிய வேண்டியது 1,500-ஐத் தாண்டிவிடும். எனவே "பொருள் திரும்பிவிட்டது, விற்பவர் முழுத்தொகையையும் திருப்பிவிட்டார், அதனால் தவணையை ரத்துசெய்யுங்கள்" என்று சொல்ல வேண்டும். வாயால் மட்டும் போதாது, மின்னஞ்சலிலும் எழுத வேண்டும். விற்பவரிடம் ஏ.ஆர்.என். எனப்படும் 23 இலக்க எண்ணைக் கேட்டு வாங்கிக் கடிதத்தில் சேர்த்துவிட்டால், அந்தப் பணம் எங்கே நிற்கிறது என்பதை வங்கி தேடிக் கண்டுபிடிக்க முடியும். "எங்களுக்கு வரவில்லையே" என்ற பேச்சுக்கு இடமிராது.

விதிகள் இதைப்பற்றி என்ன சொல்கின்றன என்று கேட்பீர்கள். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21-இல் கடன் அட்டைகளுக்கென வெளியிட்டு, அவ்வாண்டு ஜூலை முதல் நடைமுறைப்படுத்திய நெறிமுறையில் இரண்டு நல்ல செய்திகள் உள்ளன. ஒன்று, தவணையாக மாற்றுமுன் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, முன்தள்ளுபடி எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும். மாதப் பட்டியலிலும் தனித்தனியே காட்ட வேண்டும். வட்டியுள்ள தவணையை வட்டியில்லாததுபோல் வேடமிட்டுக் காட்டக் கூடாது. இரண்டு, திரும்பிவந்த தொகை பற்றியது. கெடுவுக்கு முன் வந்து, நாம் இன்னும் கட்டாத பாக்கி இருந்தால், உடனே அதில் கழிக்க வேண்டும். நாம் ஏற்கெனவே கட்டிவிட்ட பொருளுக்கு வந்த தொகை 5,000 ரூபாய் அல்லது அட்டை வரம்பின் ஒரு விழுக்காடு, இவற்றுள் எது குறைவோ அதற்கு மேற்பட்டால், ஏழு நாளுக்குள் நம் இசைவைக் கேட்க வேண்டும். பதில் இல்லையேல் நம் வங்கிக் கணக்குக்கே திருப்ப வேண்டும்.

நன்று. ஆனால் தவணைக் கடனின் எஞ்சிய அசல் இவ்விரண்டில் எதில் அடங்கும்? அது இம்மாதப் பாக்கியும் அன்று. ஏற்கெனவே கட்டிய தொகையும் அன்று. என் வாசிப்பில், இவ்விரு வாசகங்களுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் அது விழுந்துவிடுகிறது. பொருள் திரும்பினால் தவணையும் அன்றே தானே ரத்தாக வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நம் மாணவியின் 1,733 ரூபாய் 659 ஆகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்கியிருக்கும். பொருள் விற்றபோது விற்பவரின் இயந்திரமும் வங்கியின் இயந்திரமும் கண்சிமிட்டும் நேரத்தில் பேசிக் கடனை உண்டாக்கிவிட்டன. திருப்பும்போது மட்டும் இரண்டுக்கும் வாய் அடைத்துவிடுகிறது என்றால் நம்புவதற்கில்லை. உண்டாக்கத் தெரிந்தவர்களுக்குக் கலைக்கவும் தெரியும்.

எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டும் என்று முழங்கும் நண்பர்கள் சிலரும் உண்டு. அவர்களோடு நான் முழுதும் உடன்படவில்லை. நிறம் பிடிக்கவில்லை, அடுத்த கடையில் விலை குறைந்துவிட்டது என்று திருப்புகிறவர், வங்கிப் பணத்தைப் பத்து நாள் பயன்படுத்திய வட்டியையும் கட்டணத்தையும் ஏற்பதே முறை. ஆனால் திரை பழுதாக வந்த கணினிக்கு அவள் ஏன் வட்டி கட்ட வேண்டும்? அவள் குற்றம் என்ன? 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், பழுதான பொருளைத் திரும்பப் பெறவும், பெற்ற விலையைத் திருப்பவும் விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன. விலை திரும்பிற்று; விலையைக் கட்டுவதற்காகச் சுமந்த 659 ரூபாய் திரும்பவில்லை. பழுதுப் பொருளை அனுப்பியவர் அதையும் தருவதே நேர்மை என்பது என் கருத்து. வங்கியைக் கேட்பதைவிட விற்பவரைக் கேட்பதே இங்கே பொருந்தும். வங்கி பழுதான பணத்தைத் தரவில்லை.

இனி அந்த 1,500 ரூபாய் வங்கிச் சலுகை. அது இரு வகை. வாங்கும்போதே விலையில் குறைப்பது ஒரு வகை. அப்படியானால் அட்டையில் ஏறுவது குறைந்த தொகை. திரும்புவதும் அக்குறைந்த தொகையே. இதில் காசு இழப்பு இல்லை. ஆனால் பல சலுகைகள் ஓர் அட்டைக்கு ஒருமுறைதான். சலுகை நாட்கள் முடிந்தபின் அதே கணினியை மறுபடி வாங்கினால் முழு விலை. மற்றொன்று, இரண்டு மூன்று மாதம் கழித்து அட்டையில் வரவு வைக்கும் கேஷ்பேக். பொருள் திரும்பினால் அது வராது. சில வேளை வங்கியின் கணக்கு வாங்கியதை மட்டும் பார்த்து வரவு வைத்துவிட்டுப் பின்னர் திருப்பியதைக் கண்டு பற்று எழுதும். இதுதான் ஆபத்தானது. அட்டையில் பாக்கி எதுவுமில்லை என்று பட்டியலைத் திறந்தே பாராத ஒரு மாதத்தில் 1,500 ரூபாய் பற்று வந்து உட்காரும், கெடு தாண்டும், தாமதக் கட்டணமும் வட்டியும் ஏறும், தந்தையாரின் கடன் மதிப்பெண்ணில் கறை படியும். வீட்டுக் கடனுக்கு அவர் விண்ணப்பிக்கும் நாளில் அது தெரியவரும். எனவே பொருளைத் திருப்பியபின் வரும் கேஷ்பேக்கை நம்முடையதாக எண்ணிச் செலவிடாதீர்கள்.

இரண்டு பொருளைச் சேர்த்து வாங்கி ஒன்றை மட்டும் திருப்புவோரும் கவனிக்க. 25,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் சலுகை என்றிருந்து, சிறு பொருளைத் திருப்பியதால் மொத்தம் அவ்வரம்புக்குக் கீழே போனால், முழுச் சலுகையும் போகக்கூடும். அத்துடன் பகுதித் தொகை திரும்பும்போது தவணை தானே குறையும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. பழைய தவணையே ஓடிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு தொல்லைக்கும் எளிய மாற்று ஒன்று உண்டு. பழுது என்றால், பணத்தைத் திரும்பக் கேட்பதற்குப் பதில் அதே பொருளை மாற்றித் தரக் கேட்பது. மாற்றும்போது கடன் அசையாது, தள்ளுபடி அசையாது, கேஷ்பேக்கும் அசையாது. மாற்றுப் பொருள் கையிருப்பில் இல்லை என்று விற்பவர் சொல்லும்போதுதான் மேற்சொன்ன கணக்கெல்லாம் வரும். அப்போது அவர் தரப்பில்தான் குறை என்பதற்கு அந்தப் பதிலே சான்று. அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் அட்டையின்றி டெபிட் அட்டையிலோ கடன் நிறுவனத்தின் செயலியிலோ தவணை எடுப்போருக்குச் சட்டம் சற்றுக் கனிவானது. அவை எண்முறைக் கடன் விதிகளுக்குள் வருவதால், குறைந்தது ஒரு நாளாவது விலகிக்கொள்ளும் காலம் உண்டு. அதற்குள் அசலையும் அந்நாளுக்குரிய வட்டியையும் கட்டி, அபராதமின்றி வெளியேறலாம். பிராசஸிங் கட்டணத்தை மட்டும், முன்னரே அறிவித்திருந்தால், அவர்கள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு நாளுக்குள் பொருள் பல வேளை வந்தே சேராது என்பது வேறு செய்தி.

வங்கி தவணையை ரத்துசெய்ய மறுத்தாலோ, எழுதி 30 நாள் ஆகியும் பதில் தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in என்ற தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம். அட்டை தந்தையாருடையது என்றால் முறையீடும் அவர் பெயரில் போக வேண்டும். விற்பவர் வட்டியைத் தர மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்பவர் பெங்களூரில் இருந்தாலும் தில்லியில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கச்சிபௌலி ரங்காரெட்டி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஐதராபாத் மாவட்ட ஆணையத்துக்குப் போய் அலையாதீர்கள். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது. 659 ரூபாய்க்காக யார் போவார் என்று விற்பவர் எண்ணியிருப்பார். முதல் மாதப் பட்டியல், ஏ.ஆர்.என். எண், கையிருப்பில்லை என்ற பதில் ஆகிய மூன்று தாள்களையும் வைத்திருப்பவர் போகலாம்.